சன்ஸ்கிரீன் ட்யூபில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.பி.எஃப். 30-க்கும் 50-க்கும் விலை இவ்வளவு வித்தியாசப்படுகிறதே, பாதுகாப்பும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கா?

இல்லை. ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். சிலரின் முதுகில் ஓரிடத்தில் கிரீம் தடவி, பக்கத்தில் ஓரிடத்தைத் தடவாமல் விட்டு, இரண்டின் மீதும் விளக்கால் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். தடவாத இடம் சிவக்கத் தேவைப்பட்ட கதிரைப் போல 30 மடங்கு கதிர் பாய்ந்த பிறகுதான் தடவிய இடம் சிவந்தது என்றால், அது எஸ்.பி.எஃப். 30. குறைந்தது 10 பேரிடம் இப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள்.

ஆக, 30 என்றால் சருமத்தைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகிறது. நூற்றுக்குச் சுமார் 3. 50 என்றால் நூற்றுக்கு 2. தடுப்பது 97-ஆ 98-ஆ என்பதுதான் வேறுபாடு. காலையில் அலுவலகம் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க வயலிலோ கட்டட வேலையிலோ டெலிவரி வண்டியிலோ இருப்பவருக்கு, உள்ளே போகும் 3 என்பது 2 ஆகக் குறைவது லாபம்தான். மெல்லிசாகத் தடவுகிறவர்களுக்கும் 50 கொஞ்சம் கைகொடுக்கும். அதைக் கீழே விளக்கியிருக்கிறோம்.

இந்த எண்ணை நிமிடமாக மாற்றும் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ‘வெயிலில் 10 நிமிடத்தில் சிவக்கிறவர் 30 தடவினால் 300 நிமிடம் நிற்கலாம்’ என்று சொல்வார்கள். காலை எட்டு மணி வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றல்ல. அதோடு வியர்வையும் கைக்குட்டையும் அந்த 300 நிமிடம் வரை கிரீமை முகத்தில் விட்டுவைப்பதும் இல்லை.

நான் சிவப்பதில்லை, கறுத்துத்தான் போகிறேன். எனக்கு எந்த எண்ணைப் பார்ப்பது?

எஸ்.பி.எஃப். எண்ணுக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று போட்டு வரிசையாகக் கூட்டல் குறி இருக்கும். அதைப் பாருங்கள். தமிழ் முகங்களில் பெரும்பாலானவற்றுக்கு, முன்னால் கொட்டை எழுத்தில் இருக்கும் 50-ஐவிட இந்தச் சின்னக் குறிகளே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

வெயிலில் வரும் புற ஊதாக் கதிரில் பி வகை சருமத்தைச் சுட்டுச் சிவக்க வைப்பது. எஸ்.பி.எஃப். முக்கியமாக அதை அளக்கிறது. ஏ வகை ஆழமாக இறங்கும். உடனடியாகக் கறுக்க வைப்பதிலும், நாள்பட்ட சுருக்கத்திலும், மங்கு ஏறுவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சாதாரண ஜன்னல் கண்ணாடி பி வகையைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். பேருந்தில் ஜன்னலோரம் உட்காருகிறவருக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் கறுப்பது அதனால்தான்.

பி.ஏ. என்பது ஜப்பானின் அழகுசாதனத் தொழில் சங்கம் 1996-ல் கொண்டுவந்த தரவரிசை. கதிர் பட்ட இடம் கறுத்து, சில மணி நேரம் கழித்தும் அந்தக் கறுப்பு நிற்கிறதா என்று பார்த்து அளப்பார்கள். தடவாத இடத்தைப் போல 2 முதல் 4 மடங்குக்குள் கதிரைத் தாங்கினால் ஒரு கூட்டல், 4 முதல் 8 என்றால் இரண்டு, 8 முதல் 16 என்றால் மூன்று, 16-க்கு மேல் போனால் நான்கு. நான்காவது குறி 2013-ல்தான் சேர்ந்தது. அதனால் அதற்கு முந்தைய கட்டுரைகளில் மூன்றுதான் உச்சம் என்று இருக்கும்.

குறிகள் ஒவ்வொன்றாக ஏறினாலும் தாங்கும் அளவு ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிறது என்பதைக் கவனியுங்கள். ‘50, பி.ஏ.++’ என்ற ட்யூப் சிவப்பதைப் பிரமாதமாகத் தடுத்துவிட்டு, கறுக்க வைக்கும் கதிரில் நான்கில் ஒரு பங்கு வரைகூட உள்ளே விடலாம். அதே விலையில் ‘30, பி.ஏ.++++’ கிடைத்தால் கறுப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு அதுவே நல்ல பேரம்.

துபாயிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த ட்யூப்களில் பி.ஏ.வே இல்லையே?

அது ஜப்பான், கொரியா, இந்தியா பக்கத்து வழக்கம். ஐரோப்பியத் தயாரிப்பில் ஒரு சிறு வட்டத்துக்குள் ‘யு.வி.ஏ.’ என்ற மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஏ வகைக்கான பாதுகாப்பு, எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்பதே அந்த வட்டத்தின் பொருள். 50 என்று எழுதி வட்டமும் போட்டிருந்தால் ஏ வகைக்குச் சுமார் 17. நம் கணக்கில் ஏறத்தாழ நான்கு கூட்டல். 30-ம் வட்டமும் என்றால் 10, அதாவது மூன்று கூட்டல். ‘50+’ என்று எழுத ஐரோப்பாவில் ஆய்வகத்தில் குறைந்தது 60 வந்திருக்க வேண்டும். அதற்குமேல் எவ்வளவு வந்தாலும் அங்கே 50+ என்றுதான் எழுதலாம்.

அமெரிக்க ட்யூபில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று இருக்கும். அது தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் சொல்லும் முத்திரை. எத்தனை மதிப்பெண் என்று சொல்லாது. எண்ணும் இல்லை, வட்டமும் இல்லை, பி.ஏ.வும் இல்லை, ‘யு.வி. பாதுகாப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதைச் சாதாரண கிரீமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

50, நான்கு கூட்டல், நல்ல கம்பெனி. தினமும் போடுகிறேன், ஆனாலும் கறுக்கிறது. ட்யூப் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 கிராம் ட்யூப் உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது?

ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவித்தான் அந்த 50-ஐ எடுத்தார்கள். முகமும் கழுத்தும் சேர்ந்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர் வரும். ஆக ஒரு தடவைக்கு 1.2 கிராம். சமையலறை அளவில் சொன்னால் கால் டீஸ்பூன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு மாதிரி பிதுக்கினாலும் ஏறக்குறைய அதே அளவுதான். முதல் தடவை அப்படிப் பிதுக்கிப் பார்க்கிறவர்கள் ‘இவ்வளவா!’ என்றுதான் சொல்வார்கள்.

50 கிராமை 1.2-ஆல் வகுத்தால் 41 தடவை. காலையில் ஒருமுறை மட்டும் போட்டால் ஆறு வாரத்தில் ட்யூப் தீர வேண்டும். உங்கள் ட்யூப் நான்கு மாதம் வருகிறது என்றால் நாளுக்கு 0.4 கிராம், அதாவது தேவையானதில் மூன்றில் ஒரு பங்குதான் முகத்துக்குப் போகிறது. அளவு குறையும்போது பாதுகாப்பும் குறைந்தது அதே வீதத்தில் இறங்கும், சில ஆய்வுகளில் அதைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. ட்யூபில் 50 இருக்கும், முகத்தில் 15-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். 30-ஐவிட 50 பரவாயில்லை என்று முதலில் சொன்னது இதனால்தான். மெல்லிசாகத் தடவினாலும் இறங்கி நிற்கும் இடம் கொஞ்சம் மேலே இருக்கும்.

ஒரே தடவையில் அவ்வளவையும் தேய்த்தால் வெள்ளை பூத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். பாதியைத் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, மீதியைத் தடவினால் படியும். காது, கழுத்தின் பின்புறம், மூக்கின் இரு ஓரம் ஆகியவை வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

இதிலிருந்து வாங்கும்போதே ஒரு முடிவு எடுக்கலாம். 15 கிராம், 20 கிராம் என்று வரும் விலையுயர்ந்த ட்யூபைக் கஞ்சத்தனமாகத் தடவுவதைவிட, சுமாரான விலையில் 100 கிராம் வாங்கித் தாராளமாகத் தடவுவது மேல். விலையை ட்யூபுக்குப் பார்க்காமல் கிராமுக்குப் பாருங்கள்.

டே கிரீமில் 15, ஃபவுண்டேஷனில் 20, சன்ஸ்கிரீனில் 30. மூன்றும் போட்டால் 65 ஆகுமா?

ஆகாது. அடுக்கில் எது அதிகமோ ஏறக்குறைய அதுவே கணக்கு, அதுவும் அதை மட்டும் முழு அளவு தடவியிருந்தால். ஃபவுண்டேஷனைக் கால் டீஸ்பூன் யாரும் அப்புவதில்லை. அதனால் அதில் எழுதிய 20 பெரும்பாலும் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. சன்ஸ்கிரீனோடு மாய்ஸ்சரைசரைக் குழைத்துத் தடவுவதும் வேண்டாம். அளவு கெடுவதோடு கிரீம் படியும் விதமும் மாறிவிடும்.

மூடி திறந்த டப்பா படம், உள்ளே 12 எம் என்று இருக்கிறது. தயாரித்து 12 மாதமா, வாங்கி 12 மாதமா?

இரண்டும் இல்லை. முதன்முதலில் நீங்கள் திறந்த நாளிலிருந்து 12 மாதம். 6 எம் என்றால் ஆறு மாதம், 24 எம் என்றால் இரண்டு ஆண்டு.

இந்தப் படம் ஐரோப்பியச் சட்டத்தில் பிறந்தது. திறக்காமல் வைத்தால் 30 மாதத்துக்கு மேல் கெடாத பொருளுக்கு அங்கே காலாவதித் தேதி கட்டாயமில்லை, அதற்குப் பதிலாக இந்த டப்பாவைப் போட வேண்டும். 30 மாதமோ அதற்குக் குறைவோ தாங்கும் பொருளுக்குத் தேதி போட வேண்டும். சிலர் தேதிக்குப் பக்கத்தில் மணற்கடிகாரப் படத்தை வைப்பார்கள். இந்தியாவில் நிலைமை நேர்மாறு. இங்கே தேதி கட்டாயம், டப்பா படம் கம்பெனிகள் தாமாகப் போடுவது. அதனால்தான் நம் கடை ட்யூபில் பல நேரம் இரண்டும் இருந்து குழப்புகின்றன. எது முதலில் வருகிறதோ அதோடு ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தக் குப்பியில் வரும் ஸ்ப்ரேயில் இந்தப் படம் இல்லையென்றால் குற்றமில்லை. உள்ளே காற்றும் விரலும் போக வழியில்லாத பொருளுக்கு அது தேவைப்படுவதில்லை. ஒரே தடவைக்கான பாக்கெட்டுக்கும் அப்படித்தான்.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். தேதி கிட்டத்தில் இருக்கிறது. வாங்கலாமா?

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். ட்யூபின் மடிப்பில், அதாவது அடியில் அழுத்தி ஒட்டிய பட்டையில், ‘தயாரிப்பு 05/2024’ என்று அச்சு. பின்பக்கத்தில் ‘தயாரித்த மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் பயன்படுத்தவும்’ என்று பொடி எழுத்து. பக்கத்தில் 12 எம் டப்பா. ஒவ்வொன்றும் 50 கிராம், மொத்தம் மூன்று. நீங்கள் முதல் ட்யூபைத் திறப்பது 2025 நவம்பர் 10.

2024 மே மாதத்திலிருந்து 24 மாதம் என்றால் 2026 ஏப்ரல் கடைசி. டப்பாவின்படி முதல் ட்யூபுக்கு 2026 நவம்பர் வரை நேரம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஏப்ரல் முந்திக்கொள்கிறது, ஆகவே ஏப்ரல்தான் கெடு. மூன்று ட்யூபும் சேர்ந்து 150 கிராம், 125 தடவை. தினம் ஒருமுறை கால் டீஸ்பூன் போடுகிறவர் மார்ச் நடுவில் மூன்றையும் முடித்துவிடுவார், அவருக்கு இது நல்ல சலுகை. ட்யூபை நான்கு மாதம் இழுக்கிறவர் இரண்டாவதில் பாதி போகும்போதே ஏப்ரல் தாண்டிவிடும். மூன்றாவதை ஜூலையில் திறப்பார், அது காலாவதியாகி இரண்டு மாதம் ஓடியிருக்கும். சலுகை அவருக்குச் செலவுதான்.

தேதி எழுதும் பாணியும் ஏமாற்றும். ‘எக்ஸ்பைரி 04/2026’ என்றால் அந்த மாதக் கடைசி வரை. ‘யூஸ் பிஃபோர் 04/2026’ என்றால், எழுத்துப்படி எடுத்தால் ஏப்ரல் பிறக்குமுன். கொரியத் தயாரிப்பில் ஆண்டு முதலில் வரும். அதோடு அது தயாரித்த தேதியா காலாவதித் தேதியா என்று பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. திறந்த அன்று பர்மனென்ட் மார்க்கரால் தேதியை ட்யூபிலேயே எழுதிவிடுங்கள். அட்டைப்பெட்டியில் எழுதினால் பெட்டி குப்பைக்குப் போகும்போது தேதியும் போய்விடும்.

தேதி இன்னும் இருக்கிறது, ஆனால் பிதுக்கினால் முதலில் தண்ணீர் வருகிறது. குலுக்கிப் போட்டுக்கொள்ளலாமா?

‘பயன்படுத்துமுன் நன்றாகக் குலுக்கவும்’ என்று எழுதிய, உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும் குப்பி என்றால் குலுக்கலாம், அதன் அமைப்பே அப்படி. கெட்டியான கிரீம் எண்ணெய் தனி, தண்ணீர் தனியாகப் பிரிந்தால் தூக்கிப்போடுங்கள். கதிரைத் தடுக்கும் பொருள் எண்ணெயில் கரைந்தோ தூளாக மிதந்தோ இருக்கிறது. பிரிந்துவிட்டால் முகத்தில் ஒரு திட்டில் நிறைய, பக்கத்தில் ஒன்றுமில்லை என்றுதான் படியும். நிறம் மஞ்சளாகத் திரும்புவது, மணல்போல நெருடுவது, காறல் வாடை வருவது ஆகியவையும் அதே செய்திதான்.

ட்யூபில் உள்ள தேதியும் மாதக் கணக்கும் குளிர்ச்சியான, நிழலான இடத்தில் வைத்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் போட்டவை. பைக் சீட்டுக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டிலும் வைத்த ட்யூபுக்கு அவை பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, அலமாரி போதும். அகல வாய் டப்பா என்றால் ஈரக் கையை விடாதீர்கள், கிருமி நுழைவது அந்த வழியில்தான்.

வாட்டர்புரூஃப், 8 மணி நேரப் பாதுகாப்பு, 100 சதவீதத் தடுப்பு: இவற்றில் எது உண்மை?

நூறு சதவீதம் என்பது பொய், எந்தக் கிரீமும் அவ்வளவு தடுப்பதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2006-ல் தந்த பரிந்துரை ‘சன்பிளாக்’, ‘100% பாதுகாப்பு’, ‘மறுபடி தடவ வேண்டாம்’ போன்ற சொற்களை வேண்டாம் என்றது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-ல் ‘வாட்டர்புரூஃப்’, ‘ஸ்வெட்புரூஃப்’, ‘சன்பிளாக்’ மூன்றையும் லேபிளிலிருந்து நீக்கச் சொன்னது. அங்கே அனுமதி உள்ள சொல் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’, அதுவும் 40 நிமிடமா 80 நிமிடமா என்று சேர்த்து எழுத வேண்டும். அந்த நிமிடங்கள் தண்ணீருக்குள் இருந்து சோதித்தவை. நீச்சல் குளத்துக்குப் போகிறவரும் ஓடி வியர்க்கிறவரும் தேட வேண்டியது நிமிடத்தோடு எழுதிய அந்த வரியை. நிமிடம் இல்லாத ‘வாட்டர்புரூஃப்’ வெறும் அலங்காரம்.

எட்டு மணி நேரக் கதை பெரும்பாலும் ஆய்வகத்தில் அசையாமல், துடைக்காமல், வியர்க்காமல் இருந்த சருமத்தின் கதை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். முகத்தைத் துண்டால் துடைத்தால் அப்போதே.

‘டெர்மடாலஜிக்கலி டெஸ்டெட்’ என்றால் டாக்டர்கள் சிபாரிசு செய்தது என்றுதானே பொருள்?

தோல் மருத்துவர் மேற்பார்வையில் சிலரின் தோலில் சோதித்தார்கள் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அது அரிப்பு, தடிப்பு வருகிறதா என்று பார்க்கும் ஒட்டுச் சோதனை. எத்தனை பேர், முடிவு என்ன, கிரீம் வேலை செய்ததா என்ற எதையும் அந்த இரண்டு சொல் சொல்லாது.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, ‘நான்-காமெடோஜெனிக்’ இரண்டுக்கும் எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் கிடையாது. பரு வருகிறவர் இரண்டாவதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்பது சிரிப்புக்குரியது, ஜிங்க் ஆக்சைடும் தண்ணீரும் வேதிப்பொருள்களே. ‘அன்சென்டட்’ என்றால் வாசனை தெரியாது என்று பொருள், மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கவும் கூடும். வாசனைப் பொருளே ஒத்துக்கொள்ளாதவர் ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதைத் தேடி, மூலப்பொருள் பட்டியலில் ‘பர்ஃப்யூம்’ என்ற சொல் இல்லை என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

‘92 சதவீதப் பெண்கள் பளபளப்பை உணர்ந்தார்கள்’ என்று இருக்கிறதே, அது ஆராய்ச்சி இல்லையா?

அந்த வரியின் கடைசியில் நட்சத்திரக் குறி இருக்கும். பெட்டியைத் திருப்பி அதே குறியைத் தேடுங்கள், பொடி எழுத்தில் விடை கிடைக்கும். எத்தனை பேர், எத்தனை வாரம், அளந்தது கருவியா அல்லது அவர்களிடம் கேட்டதா என்ற மூன்று விஷயம் போதும். 25 பேரிடம் நான்கு வாரம் கழித்து ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, 23 பேர் ‘நன்றாக இருக்கிறது’ என்றாலே 92 சதவீதம் வந்துவிடும். இலவசமாகக் கிடைத்த கிரீமை நான்கு வாரம் பூசியவர் வேறென்ன சொல்வார்? கிரீம் பூசாத, அல்லது சாதாரணக் கிரீம் பூசிய இன்னொரு குழுவோடு ஒப்பிட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு எடை. ‘வரை’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘70% வரை’ என்பது ஒரே ஒருவருக்கு 70 வந்தாலும் பொய்யாகாது.

முன்னால் குங்குமப்பூ, வைட்டமின் சி படம் பெரிதாக இருக்கிறது. உள்ளே எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

மூலப்பொருள் பட்டியலில் வரிசை முக்கியம். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது இந்திய விதி. ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே என்று லேபிள் சொல்லாது, ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பல கிரீம்களில் ‘ஃபீனாக்ஸிஎத்தனால்’ என்ற பதனப்பொருள் இருக்கும். அதற்கு உச்ச அளவே ஒரு சதவீதம். அது வந்த இடத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு உட்பட்டவை. குங்குமப்பூச் சாறு அதற்கும் பின்னால், வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால், பெட்டிப் படத்துக்காகச் சேர்த்தது என்று புரிந்துகொள்ளலாம்.

சன்ஸ்கிரீனில் இதே பட்டியலில் ஏ வகைக் கதிரைத் தடுக்கும் பொருள் உண்டா என்றும் பார்க்கலாம். ஜிங்க் ஆக்சைடு, அவோபென்சோன் இரண்டும் அடிக்கடி வருபவை. அவோபென்சோன் பல லேபிள்களில் ‘ப்யூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன்’ என்ற நீளப் பெயரில் இருக்கும். அவோபென்சோன் வெயிலில் தானே சிதையும் குணம் உள்ளது. கூடவே ஆக்டோக்ரிலீன் இருந்தால் தாக்குப்பிடிக்கும்.

மங்கு இருக்கிறது. டாக்டர் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் வாங்கச் சொன்னார். லேபிளில் எதைத் தேடுவது?

அயர்ன் ஆக்சைடு. மாநிறம், கறுப்பு நிறச் சருமத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். எஸ்.பி.எஃப்., பி.ஏ. இரண்டும் அந்த வெளிச்சத்தை அளப்பதே இல்லை. அதைத் தடுக்க உதவுவது இந்த இரும்புத் துரு நிறமிகள். பட்டியலின் கடைசியில் ‘சி.ஐ. 77491, 77492, 77499’ என்று எண்ணாக இருக்கும். மூன்றும் முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ‘டின்டட்’ என்று எழுதி இந்த எண்கள் எதுவும் இல்லையென்றால் டாக்டர் சொன்னது அதுவல்ல.

ஏழு நாளில் வெள்ளையாக்கும் கிரீம் என்று தோழி தந்தாள். உண்மையாகவே வெளுக்கிறது. போடலாமா?

வேகமாக வெளுக்கிறது என்பதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. அப்படி வேலை செய்பவை பெரும்பாலும் இரண்டு: ஸ்டீராய்டு, பாதரசம்.

ஸ்டீராய்டு ட்யூபில் அது எழுதியே இருக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு, ‘ஆர்.எக்ஸ்.’ குறி, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை. பெயர்களில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் ஒன்று இருக்கும், பல நேரம் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கூடவே வரும். இது மருந்து, அழகு கிரீம் அல்ல. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு வெடிக்கும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும், அதற்குப் பயந்தே பலர் மறுபடி போடுகிறார்கள். ஏற்கெனவே நாள்பட்டுப் பயன்படுத்துகிறவர் தானாக நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் ட்யூபோடு போவது நல்லது.

பாதரசம் லேபிளில் இருக்காது, அதுதான் சிக்கல். இந்திய விதிப்படி முகக் கிரீமில் தவறுதலாகக் கலந்ததுகூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் சிறுநீரக நோயோடு வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், வெள்ளையாக்கும் கிரீம்களே காரணம் என்று கண்டார்கள். எனவே லேபிளில் இல்லாததைப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி இல்லை, மூலப்பொருள் பட்டியல் இல்லை, வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதியாளர் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் இல்லை என்றால் தொடாதீர்கள். ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை இருந்தால் அது பாதரசத்துக்கான நல்ல தடயம், பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து அதை வெளுத்துவிடும். சாம்பல் நிறமாகவோ பாலேட்டு நிறமாகவோ இருக்கும் உள்ளூர்ப் பெயரில்லாத டப்பாக்களில் இதை எதிர்பார்க்கலாம். மாதக்கணக்கில் போட்டுவிட்டு முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் நுரைத்தாலும் காத்திருக்க வேண்டாம். டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

லேபிளில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது?

அழகுசாதனப் பொருளின் உரிமமும் தரமும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கையில் இருக்கின்றன. விலை, எடை, ஏமாற்று விளம்பரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எதற்குப் போனாலும் ட்யூபையும் பெட்டியையும் பில்லையும் வைத்திருங்கள். தொகுதி எண், தயாரிப்பு உரிம எண், தேதி மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூப் மடிப்பில் அழுத்திய எண் மை இல்லாமல் வெறும் பள்ளமாக இருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் வாசிக்க முடியும்.